கிளினிக் விளம்பர வீடியோவில் நான்: நீக்கக் கேட்கும் கடிதத்தில் நேரக்குறிப்பை எப்படி எழுதுவது?

நூல்கண்டு:

முழங்கால் சிகிச்சைக்காக நான் போய்வந்த ஒரு பிசியோதெரபி கிளினிக், யூடியூபில் விளம்பர வீடியோ ஒன்றை ஏற்றியிருக்கிறது. அதில் நான் பல இடங்களில் வருகிறேன். கேமரா ஓடும்போது கேட்டதற்கு "எங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான்" என்றார்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவத்திலும் "பயிற்சி நோக்கத்துக்குப் படம் எடுக்கலாம்" என்று மட்டும்தான் இருக்கிறது.

நேரில் போய்ச் சொன்னேன். எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். இப்போது அவர்களுடைய சேனல் பக்கத்தில் அந்த வீடியோ தெரியவில்லை. ஆனால் என்னிடம் இருக்கும் பழைய லிங்க்கைத் தட்டினால் ஜம்மென்று ஓடுகிறது. அதனால் யூடியூபுக்கே எழுதலாம் என்றிருக்கிறேன். எழுதி வைத்திருப்பது இது:

> வணக்கம். மேற்கண்ட வீடியோவில் என் அனுமதி இல்லாமல் நான் காட்டப்பட்டிருக்கிறேன். 2 நிமிடத்துக்குப் பக்கத்திலும், 4 நிமிடத்திலும், 8 நிமிடம் வாக்கிலும் நான் வருகிறேன். என் உடல்நலம் பற்றிய விஷயங்கள் எல்லோருக்கும் தெரியும்படி ஆகிவிட்டது. இதனால் கடும் மன உளைச்சலில் இருக்கிறேன். அந்த கிளினிக் நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டது. தயவுசெய்து உடனே நீக்கவும்.

இது போதுமா? வேறு என்ன சேர்க்க வேண்டும்?

அதிரடி_ஆறு:

இதெல்லாம் சுற்றுவழி. காப்பிரைட் புகார் போடுங்கள், வீடியோ உடனே காணாமல் போகும். உங்கள் முகம் உங்களுக்குச் சொந்தம்தானே? பிரைவசி புகார் என்றாலும் 48 மணி நேரத்தில் யூடியூப் தூக்கிவிடும். ஆனால் காப்பிரைட்தான் வேகம்.

வெண்பலகை:

காப்பிரைட் பக்கம் போகவே வேண்டாம். ஒரு வீடியோவின் பதிப்புரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கு, அல்லது காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குப் போகும். கேமராவுக்கு முன்னால் இருந்தவருக்கு அது கிடையாது. உரிமை இல்லாமல் அந்தப் புகாரைக் கொடுத்தால் எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பும். அதன் பிறகு 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வந்துவிடும். தெரிந்தே பொய்யாகப் புகார் கொடுத்தால் அமெரிக்கச் சட்டப்படி நஷ்ட ஈடு கட்ட வேண்டியும் வரலாம். இன்னொன்று, காப்பிரைட் புகாரில் புகார் கொடுத்தவரின் பெயர் வீடியோ ஏற்றியவருக்குப் போகும். தன் விவரம் வெளியே வந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர் அதையா செய்வார்?

அந்த 48 மணி நேரமும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. தனியுரிமைப் புகார் வந்தால், ஏற்றியவரே சரிசெய்துகொள்ள யூடியூப் 48 மணி நேரம் கொடுக்கலாம். அதற்குள் அவர் நீக்கினாலோ, அந்தப் பகுதியை வெட்டினாலோ, முகத்தை மங்கலாக்கினாலோ புகார் அங்கேயே முடிந்துவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் அப்புறம்தான் யூடியூப் ஆட்கள் பார்த்து முடிவெடுப்பார்கள். நீக்குவார்கள் என்று உத்தரவாதம் எதுவும் இல்லை.

நூல்கண்டு, உங்கள் கடிதத்தில் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கப்போகிற ஆள் தேடுவது வேறு ஒன்றை. "இந்தப் புகார்தாரர் வீடியோவில் எங்கே இருக்கிறார், அது அவர்தான் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க முடியுமா?" இந்தக் கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. முகம், குரல், முழுப்பெயர், தொடர்பு விவரம் என்று ஏதாவது ஒன்றால் உங்களைத் தனியாக அடையாளம் காண முடிய வேண்டும் என்பது அவர்களே வெளியிட்டிருக்கும் நிபந்தனை. "8 நிமிடம் வாக்கில்" என்று எழுதினால், அவர் அந்த இடத்தில் திறந்து பார்ப்பார். நான்கு பேர் உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். அதில் நீங்கள் யார்?

வீடியோவை நிதானமாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் சரியாக என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று இங்கே எழுதுங்கள். சேர்ந்து சரிசெய்வோம்.

வானவில்7:

எனக்கும் இதே பிரச்சினை. நான் வரைந்து ஏற்றிய அனிமேஷன் வீடியோவை வேறு ஒரு சேனல்காரர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்றெல்லாம் எழுத வேண்டுமா?

வெண்பலகை:

வானவில்7, உங்களுடையதுதான் உண்மையான காப்பிரைட் விஷயம். அதிரடி_ஆறு சொன்ன வழி உங்களுக்குப் பொருந்தும். முழு வீடியோவையும் எடுத்திருந்தால் நேரம் தேவையில்லை, ஒரு பகுதி என்றால் எங்கிருந்து எங்கே வரை என்று குறிக்க வேண்டும். தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் நூல்கண்டு குழம்பிப்போவார்.

நூல்கண்டு:

பார்த்தேன். வயிறு கலங்கியது, ஆனாலும் பார்த்தேன்.

2:14-இல் பின்னால் டிரெட்மில்லில் நடக்கிறேன், பக்கவாட்டு முகம். 4:05-இல் வரவேற்பில் இருப்பவர் என் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், அப்போது நான் திரையில் இல்லை. அதை ஒட்டியே கம்ப்யூட்டர் திரையைக் காட்டுகிறார்கள், அதில் அன்றைய பட்டியலில் என் பெயரும் போன் நம்பரும். 7:48-இல் மேசையில் படுத்திருக்கிறேன், முகம் நேராகத் தெரிகிறது. தெரபிஸ்ட் எனக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்தது என்று விளக்குகிறார். அப்புறம் வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் தெரிகிற முகப்புப் படத்திலேயே நான்தான் இருக்கிறேன்! வலியில் முகம் சுளிக்கிற படம்.

வெண்பலகை:

இதுதான் வேண்டும். இப்போது ஒவ்வொன்றாகக் கூர்மையாக்குவோம்.

முதலில், தொடங்கும் நொடி மட்டும் போதாது, முடியும் நொடியும் வேண்டும். 4:05 மாதிரி இடங்களில் ஒரு நொடி தவறினாலும் பார்ப்பவர் வேறு காட்சியில் போய் நிற்பார். வீடியோவை நிறுத்திவிட்டு விசைப்பலகையில் காற்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னால் போகும், முற்றுப்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும். கம்ப்யூட்டர் திரை காட்டப்படும் இடத்தை இப்படித்தான் பிடிக்க வேண்டும். ஓடும்போது கண்ணில் படாத நம்பர், நிறுத்தினால் தெளிவாகப் படிக்க முடியும். "இந்த நொடியில் நிறுத்தினால் எண் முழுதாகப் படிக்க முடிகிறது" என்பதையே வாக்கியமாக எழுதுங்கள். ஓட விட்டுப் பார்க்கிறவர் "எங்கே, ஒன்றும் தெரியவில்லையே" என்று தாண்டிப் போகக்கூடிய இடம் அது.

நேரத்தோடு லிங்க்கையும் கொடுங்கள். நொடியைக் கணக்கிட்டு லிங்க்கின் கடைசியில் ஒட்டினால் அங்கேயே திறக்கும். 2:14 என்றால் 134 நொடி, 7:48 என்றால் 468.

```
https://www.youtube.com/watch?v=VIDEO_ID&t=134s
https://www.youtube.com/watch?v=VIDEO_ID&t=468s
```

லிங்க் இருக்கிறதே என்று நேரத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். புகார்ப் படிவத்தில் நேரத்துக்குத் தனி இடம் இருக்கிறது. விளக்கத்திலும் அதையே திரும்ப எழுதலாம், தப்பில்லை.

இரண்டாவது, காட்சியை எழுதும் விதம். "நான் டிரெட்மில்லில் நடக்கிறேன்" என்பது உங்களைத் தெரிந்தவருக்குத்தான் புரியும். என்ன நிற உடை, திரையில் எந்தப் பக்கம், அருகில் எத்தனை பேர், என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். "வலது பக்கம்" என்றால் பார்ப்பவரின் வலதா உங்கள் வலதா என்று குழப்பம் வரும், "பார்ப்பவரின் வலது" என்றே போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, முகப்புப் படத்துக்கு நேரக்குறிப்பே கிடையாது. அது வீடியோவோடு சேராமல் தனியாக வைக்கப்படும் படம். வீடியோவில் உங்களை மங்கலாக்கினாலும் அது அப்படியே இருக்கும். தனி வரியாக எழுத வேண்டும். தலைப்பிலோ கீழே உள்ள விவரக் குறிப்பிலோ உங்கள் பெயர் இருந்தால் அதையும் தனியாக.

அப்புறம் ஒன்று. வீடியோவுக்குக் கீழே எழுத்து வடிவம் காட்டச் சொல்லி, அதில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். வேறு எங்காவது பெயர் சொல்லப்பட்டிருந்தால் மாட்டும். ஆனால் தானியங்கி எழுத்து நம் பெயர்களைக் கடித்துத் துப்பும், அதனால் காதாலும் ஒருமுறை கேட்பது நல்லது.

சைக்கிள்காரன்:

மறுபக்கத்திலிருந்து ஒரு குரல். நான் ஓட்டப்பந்தயம், சைக்கிள் பயணம் என்று வீடியோ எடுத்துப் போடுகிறவன். என் சேனலுக்கு ஒரு தடவை இப்படிப் புகார் வந்தது. இடம்: 0:00 முதல் முடிவு வரை. அதில் ஓடுகிறவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். யாரை மங்கலாக்குவது? தலையைச் சொறிந்துவிட்டு விட்டுவிட்டேன், வீடியோவும் அப்படியே இருந்தது. பிறகு அதே வீடியோவுக்கு இன்னொரு புகார், "12:40 முதல் 12:52 வரை, ஆரஞ்சுத் தொப்பி, மார்பில் இருக்கும் எண் தெரிகிறது" என்று. தேநீர் ஆறுவதற்குள் மங்கலாக்கிவிட்டேன். அந்த எண்ணை வைத்துப் போட்டி முடிவுகளில் பெயரைத் தேடலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பொது இடத்தில் எடுத்ததற்கு எதற்கு அனுமதி? தெருவில் நடந்தால் யாராவது பார்க்கத்தான் செய்வார்கள். இப்படியே போனால் யாரும் எதையும் எடுக்க முடியாது.

வெண்பலகை:

நீங்கள் சொல்வதில் பாதி அவர்களும் ஒப்புக்கொள்வதுதான். பொது இடம், செய்தி மதிப்பு, பொதுநலன், சம்மதம் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். தெருக்கூட்டத்தில் ஒரு முகம் என்றால் பெரும்பாலும் நிற்காது. நூல்கண்டுவின் விஷயம் அப்படி இல்லை. சிகிச்சை அறை, மருத்துவ விவரம், கூடவே பெயரும் எண்ணும். அதனால்தான் கடிதத்தின் முதல் வரியிலேயே "இது பொது இடம் இல்லை, சிகிச்சை அறை" என்று வர வேண்டும்.

சைக்கிள்காரன்:

சரி, அதை ஏற்கிறேன். ஓட்டப்பந்தயத்தில் எண் கட்டிக்கொண்டு ஓடியவர் எந்தப் பக்கம் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நூல்கண்டு, ஏற்றியவர்கள் பக்கம் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துகொள்ளுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் வெட்டவும் மங்கலாக்கவும் வசதி இருக்கிறது. வீடியோ ஒரு லட்சம் பார்வையைத் தாண்டிவிட்டால், வருமானப் பங்குத் திட்டத்தில் இல்லாத சேனல்களால் வெட்டிச் சேமிக்க முடியாமல் போகலாம், முகத்தை மங்கலாக்க மட்டும் விடும். அதனால் "வெட்டு" என்று மட்டும் கேட்டால், முடியவில்லை என்று கைவிரிக்க ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.

தாழ்வாரம்:

அண்ணா, ஒரு சந்தேகம். என் அம்மா இப்படி ஒரு வீடியோவில் இருக்கிறார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நான் புகார் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

வெண்பலகை:

பொதுவாகச் சம்பந்தப்பட்டவரே கொடுக்க வேண்டும். குழந்தைகள், இறந்துவிட்டவர்கள், கம்ப்யூட்டர் வசதி இல்லாதவர்கள் ஆகியோருக்காக மற்றவர் கொடுக்க விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் யார், அவருக்கு என்ன உறவு, ஏன் நீங்கள் எழுதுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். "நான் தெரிகிறேன்" என்று அம்மாவின் குரலில் எழுதாதீர்கள், பின்னால் சிக்கலாகும்.

நூல்கண்டு:

திருத்தி எழுதியிருக்கிறேன். பெயர், எண் இரண்டையும் இங்கே மறைத்திருக்கிறேன்.

> இந்த வீடியோவில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் சிகிச்சை அறை காட்டப்படுகிறது. அங்கே நோயாளியாக இருந்த நான் அடையாளம் தெரியும்படி காட்டப்பட்டிருக்கிறேன். பொதுவெளியில் வெளியிட நான் சம்மதிக்கவில்லை. நான் பார்த்தபோது வீடியோவின் மொத்த நீளம் 11:42.
>
> 2:14 – 2:31: இரண்டு டிரெட்மில்களில் பார்ப்பவரின் வலது பக்கம் இருப்பதில் நடப்பவர் நான். ஆரஞ்சு டி-சர்ட், சாம்பல் நிற டிராக் பேண்ட், இடது முழங்காலில் கறுப்புப் பட்டை. பக்கவாட்டு முகம் தெரிகிறது.
>
> 4:05 – 4:09: நான் திரையில் இல்லை. வரவேற்பாளர் என் முழுப்பெயரைச் சொல்லி அழைப்பது தெளிவாகக் கேட்கிறது.
>
> 4:10 – 4:12: கம்ப்யூட்டர் திரையில் நோயாளிகள் பட்டியல். மேலிருந்து மூன்றாவது வரியில் என் முழுப்பெயரும் தொலைபேசி எண்ணும். 4:11-இல் நிறுத்தினால் முழுதாகப் படிக்க முடிகிறது. அதே பட்டியலில் மற்ற நோயாளிகளின் விவரங்களும் தெரிகின்றன.
>
> 7:48 – 8:20: சிகிச்சை மேசையில் படுத்திருப்பவர் நான், அதே உடை. முகம் நேராகத் தெரிகிறது. 7:55 முதல் 8:06 வரை என் அறுவை சிகிச்சை விவரத்தைத் தெரபிஸ்ட் சொல்வது கேட்கிறது. 8:12-இல் எழுந்து உட்கார்ந்து, என் குரலில் பதில் சொல்கிறேன்.
>
> முகப்புப் படம்: 7:50 அளவில் உள்ள காட்சியிலிருந்து எடுத்த என் முகம், திரையின் நடுவில்.
>
> வீடியோவை முழுதாக நீக்கும்படி கேட்கிறேன். அது இயலாவிட்டால் மேற்கண்ட எல்லாப் பகுதிகளிலும் என் முகம், பெயர், எண், குரல், என் சிகிச்சை பற்றிய பேச்சு ஆகியவற்றையும் முகப்புப் படத்தையும் அகற்ற வேண்டும்.

வெண்பலகை:

அருமை. மொத்த நீளம் 11:42 என்று எழுத நான் சொல்லவில்லை, ஆனால் சரியான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். நாளைக்கே அவர்கள் எதையாவது வெட்டினால் நீளம் குறையும். உங்கள் நேரங்கள் ஏன் பொருந்தவில்லை என்று பார்ப்பவருக்கு அதுவே சொல்லிவிடும்.

4:10 வரியில் மற்ற நோயாளிகளைச் சேர்த்ததும் நல்லது. ஆனால் அவர்கள் சார்பாக நீங்கள் கேட்பது போல் தொனிக்கக் கூடாது. தகவலாக இருக்கட்டும், கோரிக்கையில் வேண்டாம். இப்போது இருப்பது சரிதான்.

உங்கள் போன் நம்பரைக் கடிதத்தில் முழுதாக எழுத வேண்டாம். "மூன்றாவது வரி" என்பதே போதும். தேவையென்றால் கடைசி இரண்டு இலக்கம் எழுதுங்கள். சட்டப்பூர்வக் கோரிக்கை என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. அப்படிப் போகிற கடிதங்களில் பல, லூமன் என்ற பொதுத் தொகுப்பில் சேர்க்கப்படுவதுண்டு. எந்த வழியில் போனாலும், எதை மறைக்கப் போராடுகிறோமோ அதையே கடிதத்தில் எழுதி அனுப்புவானேன்?

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் நேரமும் லிங்க்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் பிடித்து வையுங்கள், முகப்புப் படத்தையும் சேர்த்து. புகார் போன பிறகு வீடியோ மாறிவிட்டால் பழையது எப்படி இருந்தது என்று காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

இரவுப்பறவை:

படிவத்தில் கையெழுத்துப் போட்டதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே? "பொதுவெளியில் வெளியிடச் சம்மதிக்கவில்லை" என்பது உண்மைதான். ஆனால் கிளினிக் அந்தப் படிவத்தை நீட்டினால், மறைத்துவிட்டார் என்று ஆகிவிடாதா? நான் அலுவலகத்தில் புகார்களைப் படிக்கிற ஆள். எதிராளி வாயிலிருந்து முதலில் வருகிற தகவல் எப்போதும் நம்மைத்தான் அடிக்கும்.

வெண்பலகை:

நானாக இருந்தால் ஒரே ஒரு வரி சேர்ப்பேன்: "ஊழியர் பயிற்சிக்காக மட்டும் படம் எடுக்கச் சம்மதித்திருந்தேன், இணையத்தில் வெளியிட அல்ல."

அதிரடி_ஆறு:

இதைச் சொல்லவே கூடாது என்கிறேன். "சம்மதித்திருந்தேன்" என்ற சொல்லைக் கண்டதும் அவசரமாகப் படிக்கிறவர் மீதியைப் படிக்க மாட்டார். யூடியூப் படிவத்தைக் கேட்கவில்லை. கேட்டால் அப்போது கொடுக்கலாம்.

இரவுப்பறவை:

இந்தத் தடவை அதிரடி சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால்? "இணையத்தில் வெளியிட ஒருபோதும் சம்மதிக்கவில்லை, எழுத்தில் நான் ஏற்றது ஊழியர் பயிற்சிக்கான பதிவை மட்டும்." மறுப்பு முதலில் வருகிறது.

நூல்கண்டு:

இரவுப்பறவை சொன்னபடி வைத்துக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி. சேனலில் தெரியாமல் மறைத்து, லிங்க் மட்டும் வேலை செய்யும்படி வைத்திருக்கிறார்களே, அதை எழுத வேண்டுமா?

வெண்பலகை:

எழுதுங்கள். கடைசியில் ஒரு வரி. "சேனல் பட்டியலில் மறைக்கப்பட்டிருந்தாலும் லிங்க் உள்ள எவரும் பார்க்க முடிகிறது." ஏற்றியவர் வீடியோவை பிரைவேட் ஆக்கினாலும் அது புகாருக்குத் தீர்வாகாது என்பதுதான் யூடியூபின் நிலை. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பொதுவில் விடலாம் அல்லவா? லிங்க் இருந்தால் பார்க்கலாம் என்பது அதைவிடவும் குறைந்த பாதுகாப்பு.

"நம்பிக்கைத் துரோகம்", "மன உளைச்சல்" இரண்டையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள், கவனித்தேன். கிளினிக்குக்கு எழுதும் கடிதத்தில் அவை இருக்கட்டும். அங்கே அவற்றுக்கு வேலை உண்டு.

நூல்கண்டு: (சில நாட்களுக்குப் பிறகு)

நிலவரம் சொல்கிறேன். புகார் போனதும் கிளினிக் அசைந்துவிட்டது. யூடியூப் முடிவெடுக்கும் நிலைக்கே போகவில்லை, அவர்களே வீடியோவைத் திருத்தியிருக்கிறார்கள். பெயர் கூப்பிடுவதும் கம்ப்யூட்டர் திரையும் போய்விட்டன, அந்த இடம் முழுதாக வெட்டப்பட்டிருக்கிறது. இப்போது நீளம் 11:34. டிரெட்மில் காட்சியில் முகம் மங்கல். மேசைக் காட்சியிலும் மங்கலாக்கியிருக்கிறார்கள். ஆனால் நான் எழுந்து உட்காரும்போது மங்கல் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது, முகம் வெளியே வந்துவிடுகிறது. தெரபிஸ்ட் பேசுவது அப்படியே இருக்கிறது. முகப்புப் படமும் அதேதான்.

புகார் முடிந்தது என்று தகவல் வந்திருக்கிறது. இத்தோடு விடுவதா?

சைக்கிள்காரன்:

மங்கல் கருவியில் அது அடிக்கடி நடப்பதுதான். முகம் அசைந்தால் தானாகப் பின்தொடரும் வகை ஒன்று இருக்கிறது, நாமே பெட்டி வரைந்து வைக்கும் வகையும் இருக்கிறது. பெட்டியை ஒரே இடத்தில் நிற்க வைத்துவிட்டு, ஆள் எழுந்துவிட்டார் என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். வேண்டுமென்றே செய்ததாக இருக்காது. அவர்களிடம் சரியான நொடியைச் சொன்னாலே திருத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் மங்கல் கருவி படத்தை மட்டும்தான் தொடும், குரலைத் தொடாது. பேச்சை எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்தை வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெண்பலகை:

விட வேண்டாம், புதிய புகார் கொடுங்கள். பழைய கடிதத்தை அப்படியே அனுப்பாதீர்கள். 8 நொடி வெட்டப்பட்டதால், அதற்குப் பின்னால் வரும் எல்லாம் 8 நொடி முன்னால் நகர்ந்திருக்கும். பழைய 7:48 இப்போது 7:40. எழுந்து உட்காரும் 8:12 இப்போது 8:04. வெட்டுக்கு முன்னால் இருக்கும் 2:14 மாறியிருக்காது. ஆனால் கணக்கை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள், வேறு எங்காவது சின்னதாக வெட்டியோ சேர்த்தோ இருக்கலாம்.

இந்தத் தடவை மீதமிருப்பதை மட்டும் எழுதுங்கள். "முந்தைய புகாருக்குப் பின் திருத்தப்பட்டது, இப்போதைய நீளம் 11:34" என்று தொடங்கி மூன்றே வரி: 8:04-இல் மங்கல் விலகி முகம் தெரிவது, 7:47 முதல் 7:58 வரை தெரபிஸ்ட் சிகிச்சை விவரம் பேசுவது, முகப்புப் படம்.

இரவுப்பறவை:

முகம் மங்கலாகி, பெயரும் போன பிறகு அந்தப் பேச்சை அவருடையது என்று அடையாளம் காண முடியுமா? அவர்களுடைய நிபந்தனைப்படி அது நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

வெண்பலகை:

8:04-இல் முகம் தெரிகிறவரை நிற்கும், ஏனென்றால் பேச்சும் முகமும் ஒரே காட்சி. முகத்தைச் சரியாக மங்கலாக்கிவிட்டால் பேச்சு மட்டும் தனியாக நிற்குமா என்பது உறுதியில்லை. அவருடைய குரலும் அதில் இருக்கிறது, அதை வைத்து வாதாடலாம். சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். அதனால்தான் மூன்றையும் ஒரே புகாரில் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன், ஒன்றைச் சரிசெய்த பிறகு இன்னொன்று என்று போனால் கடைசியில் இருப்பது மாட்டிக்கொள்ளும்.

நூல்கண்டு:

புரிகிறது. முகப்புப் படத்தைப் பற்றிக் கிளினிக்குக்கும் தனியாக எழுதிவிட்டேன். இன்னொன்று இப்போதுதான் பார்த்தேன். அதே காட்சியை வெட்டி ஒரு குறும் வீடியோவாகவும் போட்டிருக்கிறார்கள், 0:03 முதல் 0:21 வரை நான்தான்.

வெண்பலகை:

அது வேறு லிங்க், அதற்குத் தனிப் புகார். முதல் புகாரில் அதைச் சேர்த்து எழுதினால் யாரும் தேடிப் போய்ப் பார்க்க மாட்டார்கள். அதிலும் ஸ்கிரீன்ஷாட் பிடித்துவிட்டீர்களா?

நூல்கண்டு:

பிடித்துவிட்டேன். இரண்டையும் இன்று இரவே அனுப்புகிறேன்.